பன்னிரண்டு பாட்டிலும் ஒரு கடிதமும்

மாதக் கடைசியில் ஓர் இரவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மருந்துக்கடைக்காரர் ஒருவர் எச்-1 பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரம், வருடம் 2022. ஏன் அந்த வருடம் என்பது பின்னால் வரும். பதிவேட்டில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. தெருமுனையில் தையல்கடை வைத்திருப்பவர். 52 வயது, பத்து வருட வாடிக்கை. ஜூன் மாதம் இருமல் சிரப் இரண்டு பாட்டில் வாங்கியிருக்கிறார். ஜூலையில் நான்கு, ஆகஸ்டில் ஏழு, செப்டம்பரில் பன்னிரண்டு.

இந்தக் கடையும் தையல்காரரும் கற்பனை. பதிவேடும் விதிகளும் மருந்தின் கணக்கும் கற்பனை அல்ல.

பன்னிரண்டு பாட்டில் என்பதைக் கடைக்காரர் கவனித்துவிட்டார். இனி என்ன செய்வது? கண்டும் காணாததுபோல் இருக்கலாம், வியாபாரம் நடக்கும். அடுத்த முறை வரும்போது “ஸ்டாக் இல்லை” என்று சொல்லலாம். தையல்காரர் பக்கத்துத் தெருக் கடைக்குப் போவார். கல்லாவில் வைத்தே கேட்டுவிடலாம். அப்போது ஒரு பக்கம் காய்ச்சல் மாத்திரைக்கு ஒருவர் நிற்பார், மறுபக்கம் தையல்காரரின் சம்பந்தி வீட்டுக்காரர் நிற்பார். நம் மருந்துக்கடைகளில் தனியாகப் பேச இடம் கிடையாது. ஒரு பலகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான். அங்கே கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் “வீட்டுக்குத்தாம்பா” என்பதைத் தவிர வேறு பதில் வராது.

அதனால் அவர் ஒரு கடிதம் எழுதத் தீர்மானிக்கிறார்.

எழுதுவதற்கு முன்னால் அவர் என்னென்ன பார்க்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் பதிவேடு. 2014 மார்ச் 1-ம் தேதியிலிருந்து இந்தியாவில் சில மருந்துகளுக்குத் தனிப் பட்டியல் நடைமுறையில் உள்ளது. மருந்து விதிகளில் அதற்கு எச்-1 என்று பெயர். வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் சில, தூக்க மாத்திரைகள் சில, அவற்றோடு கோடீன். இவற்றை விற்கும்போது எழுதிய டாக்டர் யார், நோயாளி யார், என்ன மருந்து, எவ்வளவு என்று தனியாகக் குறித்து, அந்தப் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சாதாரண இருமல் சிரப் என்றால் இந்தக் குறிப்பே இருக்காது. தையல்காரரின் கணக்கு கண்ணில் பட்டதற்குக் காரணம், அவர் வாங்கியதில் கோடீன் இருந்தது என்பதுதான்.

கோடீன் அபினிலிருந்து வருவது. பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ராபிகே 1832-ல் அதைப் பிரித்தெடுத்தார். விழுங்கிய கோடீனில் ஒரு சிறு பங்கைக் கல்லீரல் மார்ஃபினாக மாற்றுகிறது. மார்ஃபின் என்றதும் நமக்குப் புற்றுநோய் வார்டு நினைவுக்கு வரும்; அதன் சொந்தக்காரன்தான் இருமல் பாட்டிலுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறான். மூளையில் இருமலைத் தூண்டும் இடத்தை மந்தப்படுத்துவது அதன் வேலை. சாதாரணச் சளி இருமலுக்கு அது வெறும் சர்க்கரைப் பாகைவிட எவ்வளவு மேல் என்பது ஆராய்ச்சிகளில் இன்னும் உறுதிப்படவில்லை. ஆனால் குடித்தவருக்கு ஒரு கதகதப்பும் அமைதியும் தூக்கமும் வரும். அதை அவர் “இந்த மருந்துதான் எனக்குக் கேட்குது” என்று சொல்வார்.

அடுத்தது கணக்கு. அந்த நாளில் பரவலாக விற்ற சிரப்பில் 5 மில்லிக்கு 10 மில்லிகிராம் கோடீனும், 4 மில்லிகிராம் குளோர்பெனிரமைனும் இருந்தன. இரண்டாவது, அலர்ஜிக்குத் தரப்படும், தூக்கம் வரவழைக்கும் மருந்து. டாக்டர் ஜூனில் எழுதிய சீட்டு, 5 மில்லி மூன்று வேளை, ஐந்து நாள். மொத்தம் 75 மில்லி. 100 மில்லி பாட்டில் ஒன்றே போதும், அதிலும் மிச்சம் விழும். செப்டம்பரிலோ பன்னிரண்டு பாட்டில், அதாவது 1,200 மில்லி. முப்பது நாளுக்குப் பிரித்தால் தினம் 40 மில்லி. எழுதிக்கொடுத்த 15 மில்லியைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

தினம் 80 மில்லிகிராம் கோடீன் என்பது பெரியவர் ஒருவருக்கு உடனே ஆபத்தான அளவு அல்ல. வலிக்காக டாக்டர்கள் அதைவிடக் கூடுதலாகவும் கொடுப்பதுண்டு. இதைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதத்தில் தேவையில்லாத பீதி ஏறிவிடும். அவரை யோசிக்க வைப்பது அந்த ஒரு மாத அளவு அல்ல, இரண்டு நான்காகி ஏழாகிப் பன்னிரண்டான வரிசை. உடம்பு பழகப் பழக, அதே நிம்மதிக்கு அதிக மருந்து கேட்கும். ஏறிக்கொண்டே போகும் வரிசைக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். குளோர்பெனிரமைன் விஷயத்தில் எல்லை ஏற்கெனவே தாண்டிவிட்டது. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 24 மில்லிகிராம்தான் உச்சம். இங்கே 32 வருகிறது. நாள் முழுக்க மின் தையல் இயந்திரத்தில் ஊசிக்குப் பக்கத்தில் விரல் வைத்து வேலை செய்பவருக்கு அந்த அரைத்தூக்கம் சின்ன விஷயம் அல்ல. புராஸ்டேட் வீங்கியிருக்கும் வயதில் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் அந்த மருந்து காரணமாகும்.

மூன்றாவதாக, அவர் வாங்கிய மற்ற மருந்துகள். பழைய பில்களைப் பார்க்கிறார். வழக்கம்போல் பிரஷருக்கு எனலாப்ரில் மாத்திரை. அது மே மாதம் புதிதாகத் தொடங்கியது. அதற்கு முன் வேறு மாத்திரை. ஆகஸ்டிலிருந்து புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: இசப்கோலும் மலச்சிக்கல் மாத்திரையும்.

இந்த இரண்டு குறிப்புகளும் இரண்டு வெவ்வேறு பக்கம் கையைக் காட்டுகின்றன. கோடீன் குடலின் அசைவைக் குறைக்கும். தொடர்ந்து குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் மலச்சிக்கல் வரும். இருமல் மருந்தும் மலமிளக்கியும் ஒரே பில்லில் சேர்ந்து வரத் தொடங்கினால், அனுபவப்பட்ட கடைக்காரர் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார். அப்படியானால் மருந்தை வாங்கியவரே குடிக்கிறார், விற்கவில்லை, விருந்தினருக்குக் கொடுக்கவில்லை என்று ஊகிக்கலாம். எனலாப்ரில் சொல்வது வேறு கதை. அந்த வகை பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். சுமாராகப் பத்தில் ஒருவருக்கு. தொண்டையில் நமைச்சல், சளியே வராத இருமல், படுத்தால் அதிகம். மாத்திரை தொடங்கிய சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். எந்த இருமல் சிரப்பாலும் அது சரியாகப் போகாது. மாத்திரையை மாற்றினால், பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் தானாக நிற்கும்.

ஆக, மே மாதம் மாத்திரை மாறியது. ஜூனில் இருமல் வந்தது. டாக்டர் ஐந்து நாளுக்கு சிரப் எழுதினார். ஐந்து நாளில் இருமல் நிற்கவில்லை, சிரப்பும் நிற்கவில்லை. செப்டம்பர் வாக்கில் இருமலுக்காகக் குடிக்கிறாரா, சிரப்புக்காகக் குடிக்கிறாரா என்பது அவருக்கே தெரியாத நிலை. போதைக்காக யாரும் பிளான் போட்டுத் தொடங்கிய கதையாக இது தெரியவில்லை. ஆனால் இதுவும் ஊகம்தான். வீட்டில் அவருடைய அம்மாவுக்குக் காசநோயாக இருக்கலாம். மகன் அவர் பெயரைச் சொல்லி ஆள் அனுப்பி வாங்கலாம். கடைக்காரருக்குத் தெரிந்தது பாட்டில்களின் எண்ணிக்கை மட்டுமே. கடிதமும் அந்த எண்ணிக்கையில்தான் நிற்க வேண்டும்.

அவர் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கல்லாவில் நின்று பேசினால் நாலு பேர் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். இதை எழுதுவது கடைப் பையனுக்குக்கூடத் தெரியாது.

மாதக் கணக்குப் பார்த்தேன். உங்கள் பெயருக்கு நாங்கள் கொடுத்த இருமல் மருந்து ஜூனில் 2, ஜூலையில் 4, ஆகஸ்டில் 7, செப்டம்பரில் 12. டாக்டர் சீட்டு ஜூன் மாதத்தது, ஐந்து நாளுக்கு எழுதியது. அதற்கு ஒரு தடவைதான் நாங்கள் மருந்து கொடுத்திருக்க வேண்டும். தெரிந்தவர்தானே என்று திரும்பத் திரும்பக் கொடுத்தது எங்கள் தப்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இத்தனையும் யாருக்கு, எதற்கு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கே நாலு மாதமாக இருமல் நிற்கவில்லை என்றால், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மே மாதம் மாற்றிய பிரஷர் மாத்திரையே சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை எழுதுவார். இரண்டு வாரத்துக்கு மேல் யாருக்கு இருமல் இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

இன்னொன்று. இந்த மருந்தில் கோடீன் இருக்கிறது. சில வாரம் தொடர்ந்து குடித்தால் யாருடைய உடம்பும் அதற்குப் பழகிவிடும். பிறகு ஒரு நாள் குடிக்காவிட்டால் மூக்கு ஒழுகும், கண்ணில் தண்ணீர் வரும், கொட்டாவி வரும், உடம்பு முறுக்கும், தூக்கம் வராது. மறுபடி சளி பிடித்துவிட்டது மாதிரியே இருக்கும். உங்களுக்கு அப்படி இருந்தால் அது உங்கள் குற்றம் இல்லை. டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். திடீரென்று நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். இதோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேரவே கூடாது, மூச்சு மந்தமாகிவிடும்.

புதுச் சீட்டு இல்லாமல் இனி இந்த மருந்தை என்னால் தர முடியாது. திங்கட்கிழமை வாங்கியது இன்னும் சில நாளுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அது தீர்வதற்குள் டாக்டரைப் பார்த்துவிடலாம். இதுவரை கொடுத்த மருந்து விவரத்தை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். அதைக் காட்டினால் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

மத்தியானம் இரண்டு முதல் மூன்று வரை கடையில் கூட்டம் இருக்காது. வந்தால் உள்ளே உட்கார்ந்து பேசலாம். பேச வேண்டாம் என்று தோன்றினாலும் சரி, பிரஷர் மாத்திரை வாங்க எப்போதும்போல வாருங்கள். இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும்.”

இந்தக் கடிதத்தில் “அடிமை” என்ற சொல் இல்லை. “போதை” இல்லை. மென்மையாக எழுத வேண்டும் என்பதற்காக மட்டும் அவற்றை விட்டுவிடவில்லை. கடைக்காரருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதினால், அது தவறாகும் பட்சத்தில் பத்து வருட உறவு ஒரு தாளில் கிழிந்துவிடும். சரியாகவே இருந்தாலும் படிப்பவர் அந்தச் சொல்லிலேயே நின்றுவிடுவார், டாக்டர் வரைக்கும் போகமாட்டார். மலச்சிக்கல் மாத்திரையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. துப்பறியும் தோரணை வந்துவிடும். தெரிந்ததையெல்லாம் எழுதாமல் இருப்பதும் இந்தக் கடிதத்தின் திறமையில் சேர்த்தி.

தப்பை ஒப்புக்கொண்ட பகுதி சம்பிரதாயத்துக்கு எழுதியது அல்ல. மருந்து விதிகளின்படி, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்கலாம்; மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் அதிலேயே எழுதியிருந்தால் மட்டுமே அடுத்த முறை. கொடுத்ததும் சீட்டின் மீது கடைப் பெயரும் தேதியும் குறிக்க வேண்டும். நடைமுறையில் கசங்கிய சீட்டை நீட்டினால் போதும், சில இடங்களில் காலி பாட்டிலைக் காட்டினாலே போதும். இந்தத் தையல்காரர் நான்கு மாதம் இப்படி வாங்கினார் என்றால், நான்கு மாதம் ஒருவர் இப்படி விற்றார். அதைச் சொல்லாமல் “உங்கள் மேல் அக்கறையில் எழுதுகிறேன்” என்றால், படிப்பவருக்கு வராத இருமலும் வரும்.

கடிதத்தின் உயிர் சளியைப் பற்றிய வரிகளில் இருக்கிறது. கோடீன் போன்ற குறுகிய நேர அபின் வகை மருந்துகளுக்குப் பழகியவர் நிறுத்தினால், கடைசி வேளைக்குப் பிறகு சுமார் 8 முதல் 24 மணி நேரத்துக்குள் உடம்பு முரண்டு பிடிக்கும். நான்கிலிருந்து பத்து நாள் வரை நீடிக்கும். மூக்கு ஒழுகல், தும்மல், கண்ணீர், கொட்டாவி, மயிர்க்கூச்சம், வியர்வை, வயிற்றுப்போக்கு, மூட்டு வலி. இந்தப் பட்டியலை யாரிடம் படித்துக் காட்டினாலும் “வைரல் காய்ச்சல்” என்பார்கள். அதனால்தான் இருமல் மருந்தில் சிக்கியவருக்குச் சிக்கியது தெரிவதில்லை. சளி போய்விட்டது என்று நிறுத்துகிறார், மறுநாளே சளி வருகிறது, பாட்டிலைத் திறக்கிறார், ஒரு மணி நேரத்தில் குணம். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று அவருக்குத் தோன்றும். மது குடிப்பவருக்குத் தான் குடிப்பதாவது தெரியும். இவர் தன்னைக் குடிகாரர் என்று நினைக்க மாட்டார், சளித்தொல்லைக்காரர் என்றுதான் நினைப்பார். இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்ட மருந்து தெரிந்த ஒருவர் வேண்டும்.

கடிதத்தில் ஒரு சங்கடமும் இருக்கிறது. திடீரென்று நிறுத்தாதே என்கிறது. இனித் தரமாட்டேன் என்றும் சொல்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. சட்டப்படி சீட்டில்லாமல் தர முடியாது; ஆனால் சட்டென்று நிறுத்தினால் மனிதர் தவிப்பார், அல்லது வேறு நான்கு கடைகளில் பிரித்து வாங்குவார். பிறகு எந்தப் பதிவேட்டிலும் பன்னிரண்டு என்ற எண் தெரியாது. மூன்று மூன்றாகத்தான் தெரியும். இந்த மோதலைத் தீர்க்கக் கடைக்காரரிடம் இருப்பது நேரம் ஒன்றுதான். கையில் மருந்து இருக்கும்போதே கடிதத்தைக் கொடுக்க வேண்டும், தீர்ந்து வந்து நிற்கும்போது அல்ல. முடிந்தால் டாக்டரிடம் முன்கூட்டி நேரம் வாங்க உதவ வேண்டும். குறைக்கும் அளவைக் கடைக்காரரே போட்டுத் தரக்கூடாது. அது டாக்டரின் வேலை. சிரப்பின் அளவையே வாரம் வாரமாகக் குறைப்பதா, நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரைக்கு மாற்றுவதா என்பதை அவர்தான் பார்த்து முடிவு செய்வார். கல்லீரல் எப்படி, வேறு என்ன மாத்திரை, குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்விகள் அதற்கு முன்னால் இருக்கின்றன.

எப்படிக் கொடுப்பது என்பதும் முக்கியம். தபால் வேண்டாம், வீட்டில் யாராவது பிரிப்பார்கள். வாட்ஸ்அப் வேண்டாம், பேரன் கையில்தான் போன் இருக்கும். மனைவியிடம் சொல்லி அனுப்புவது எல்லாவற்றையும்விட மோசம். இந்திய மருந்தியல் கவுன்சில் 2015-ல் கொண்டுவந்த தொழில்முறை விதிகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் அவருடைய ரகசியத்தைக் காப்பதையும் மருந்தாளுநரின் கடமைகளில் சேர்த்திருக்கின்றன. பிரஷர் மாத்திரைக் கவருக்குள் ஒட்டிய உறையாக வைத்து, “அண்ணே, இதை வீட்டுல போய்ப் பாருங்க” என்று கையில் கொடுப்பதுதான் சரியான வழி.

காத்திருக்கக் கூடாத நிலையும் ஒன்று உண்டு. எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவாகவும் விட்டுவிட்டும் வரும் மூச்சு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி, நீலம் பாரித்த உதடு. இவை தெரிந்தால் கடிதம், டாக்டர் நேரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். எந்த மருந்தைக் குடித்தார் என்று சொல்லி, பாட்டிலையும் கூடவே எடுத்துப்போக வேண்டும். இதற்கு மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதன் பெயர் நலோக்சோன். கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றும் உடல்வாகு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. சாதாரண அளவே அவர்களுக்கு ஆபத்தாகலாம். இதனால் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கோடீன் இருமல் மருந்து கூடாது என்று 2015-ல் ஐரோப்பிய மருந்து நிறுவனமும், 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் சொல்லிவிட்டன. தையல்காரர் வீட்டு அலமாரியில் பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் எத்தனை பாட்டில் இருக்கிறது என்பதையும், பேச்சு வந்தால் கடைக்காரர் கேட்கலாம்.

உலகத்தில் பல அரசுகள் இந்தக் கடிதத்தின் இடத்தில் உத்தரவைப் போட்டுப் பார்த்திருக்கின்றன. நைஜீரியாவில் இளைஞர்கள் கோடீன் சிரப்பைக் குடித்துச் சீரழிவதை 2018-ல் பிபிசி ஆவணப்படம் ஒன்று காட்டியது. சில நாட்களில் அந்நாட்டு அரசு அதன் தயாரிப்புக்கும் இறக்குமதிக்கும் தடை போட்டது. பிரிட்டனில் மருந்தாளுநரின் மேற்பார்வையில், டாக்டர் சீட்டு இல்லாமலே கோடீன் சிரப் கிடைத்துவந்தது. அங்கே இப்படிப்பட்ட சந்தேகத்தை எடைபோடும் முழுப் பொறுப்பும் மருந்தாளுநர் தலையில்தான் இருந்தது. 2024-ல் அதையும் சீட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். நம் நாட்டிலிருந்து வங்கதேச எல்லை தாண்டிக் கடத்தப்படும் சரக்குகளில் இருமல் சிரப் பாட்டில்கள் பல வருடங்களாக உண்டு.

2022 என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுதான். 2023 ஜூனில் மத்திய அரசு 14 கூட்டு மருந்துகளுக்குத் தடை விதித்தபோது, குளோர்பெனிரமைனும் கோடீனும் சேர்ந்த சிரப் அந்தப் பட்டியலில் இருந்தது. கம்பெனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. தடையால் கடைக்காரரின் வேலை குறையவில்லை, கொஞ்சம் கடினமாகியிருக்கிறது. கோடீன் இல்லாத இருமல் சிரப்புகள் பலவற்றில் இருப்பது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன். அதையும் அளவு மீறிக் குடிப்பவர்கள் உண்டு. பெரியவருக்கு நாளைக்கு 120 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் தலைசுற்றல், குழப்பம், இல்லாதது தெரிவது எல்லாம் வரும். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவருக்கு அது இன்னும் ஆபத்து. ஆனால் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் எச்-1 பட்டியலில் இல்லை. பதிவேட்டில் பெயர் ஏறாது. “இவர் இந்த மாதம் எத்தனாவது தடவை வருகிறார்?” என்ற கேள்விக்குப் பதில், கல்லாவில் நிற்பவரின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. மூன்று பையன்கள் மாறி மாறி நிற்கும் கடையில் அந்த ஞாபகமும் இல்லை.

2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பால் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த பிறகு, இருமல் மருந்து என்றாலே நமக்குக் கலப்படம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பயம் நியாயமானது. அதற்கு ஆய்வகமும் அதிகாரிகளும் பதில் சொல்ல வேண்டும். தையல்காரர் வாங்கியதோ கலப்படம் இல்லாத, உரிமம் பெற்ற, காலாவதியாகாத நல்ல மருந்து. எந்த ஆய்வகத்துக்கு அனுப்பினாலும் தேறிவிடும்.

கடிதம் கொடுத்த பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். அவர் ஒரு மத்தியானம் வந்து உட்காரலாம். கடிதமே வராததுபோல் பிரஷர் மாத்திரை மட்டும் வாங்கிப் போகலாம். அப்போது கடைக்காரர் எதையும் கேட்காமல் மாத்திரையைக் கொடுத்து, மத்தியானம் தான் கடையில்தான் இருப்பதாக மட்டும் சொல்லலாம். அல்லது அவர் வராமலே போகலாம். மூன்றாவது நடந்தால் கடிதம் தோற்றது என்று சொல்ல முடியாது. மூக்கு ஒழுகும் அடுத்த காலையில், அது சளி இல்லையோ என்ற கேள்வி அவரோடு இருக்கும்.

இதைப் படிப்பவர் வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கலாம். எடுத்துத் திருப்பிப் பாருங்கள். லேபிளில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும், மேலே சிவப்பில் ஆர்எக்ஸ் குறியும் இருந்தால் அது எச்-1 மருந்து. எத்தனை வாரமாகக் குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் காசநோய் உதவி எண் 1800-11-6666. மருந்தை விட முடியாமல் தவிப்பவர்களுக்கு தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல உதவிக்கு 14416. மூன்றுக்கும் கட்டணம் இல்லை.